அறுவைக்கு முன் பூண்டு, ஜிங்கோ, ஜின்செங்: ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள், எத்தனை நாளுக்கு முன்?

கேள்வி: "தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு, ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார். நாகர்கோவிலில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை, இன்னும் 9 நாள் இருக்கிறது. பூண்டு மாத்திரையையும், அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜிங்கோ, ஜின்செங் மூலிகை மாத்திரைகளையும் 2 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்று மயக்க மருத்துவர் சொல்கிறார். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. பூண்டு சாப்பிட்டால் உண்மையிலேயே ரத்தம் நிற்காதா? ரசத்தில் போடுவதையும் விட வேண்டுமா? அறுவையைத் தள்ளிப்போட வேண்டுமா?"

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மாத்திரைகளையும் இன்றே நிறுத்திவிட்டால், நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்க்கும்போது, இதற்காக மட்டும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ரசத்துப் பூண்டை விட வேண்டாம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது. நான் இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகளாக மயக்க மருத்துவராக வேலை செய்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை. அவரை நேரில் பரிசோதித்தவரின் முடிவே கடைசி முடிவு. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

"2 வாரம்" என்ற கணக்கு அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் நோயாளிகளுக்குச் சொல்லிவந்த பொது அறிவுரையிலிருந்து வந்தது. எந்த மூலிகை, எவ்வளவு அளவு, எந்த நிறுவனத்துத் தயாரிப்பு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியாத நிலையில், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக வைத்த இடைவெளி அது. 2001இல் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எட்டு மூலிகைகளைத் தனித்தனியே ஆராய்ந்து எழுதினார்கள். அதில் பூண்டுக்கும் ஜின்செங்குக்கும் குறைந்தது 7 நாள், ஜிங்கோவுக்கு 36 மணி நேரம் என்று கொடுத்தார்கள். இன்றுவரை பல மருத்துவமனைகளின் அட்டவணைகள் அந்தக் கட்டுரையைப் பின்பற்றியே இருக்கின்றன. உங்களுக்கு 9 நாள் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் வரவில்லை என்றாலும், மூலிகை வாரியாகப் பார்த்தால் போதிய இடைவெளிதான்.

ஏன் பூண்டுக்கு 7 நாளும் ஜிங்கோவுக்கு ஒன்றரை நாளும்? ரத்தத்தில் ஓடும் தட்டணுக்களைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். ரத்தக்குழாயில் வெட்டு விழுந்ததும் முதலில் ஓடிவந்து அடைப்பவை இந்தத் தட்டணுக்கள். நம் ஊர்க் குளத்தின் கரை உடையும்போது முதலில் மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைத் தடுப்பார்கள், பிறகுதான் மண் போட்டுக் கரையைக் கட்டுவார்கள். தட்டணுக்கள் அந்த மூட்டைகள், ரத்தத்திலுள்ள உறைவுப் புரதங்கள் பின்னால் வரும் மண். பூண்டை நசுக்கும்போது உருவாகும் அல்லிசினும், அதிலிருந்து பிறக்கும் அஜோயீன் போன்ற கந்தகப் பொருள்களும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையைக் குறைக்கின்றன. அஜோயீன் பிடித்த தட்டணு தன் ஆயுள் முடியும்வரை திரும்பிச் சரியாவதில்லை என்று ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். பழையவை போய்ப் புதியவை வருவதற்கான காலத்தைத்தான் 7 நாள் என்று வைத்திருக்கிறார்கள். ஜின்செங்கிலும் சோதனைக் குழாயில் இதே போன்ற மீளாத விளைவைக் கண்டதால் அதற்கும் அதே கணக்கு. ஜிங்கோவிலுள்ள ஜிங்கோலைடு என்ற பொருளோ தட்டணுவைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளை மட்டும் மறிக்கிறது. சில மணி நேரத்தில் உடலிலிருந்து பாதி வெளியேறிவிடும். அதனால் 36 மணி நேரம் போதும் என்று எழுதினார்கள்.

இதுவரை சொன்னது செயல்படும் வழி. அறுவை மேசையில் ரத்தம் கூடுதலாகப் போகிறதா என்பது வேறு கேள்வி, அங்கே சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. பூண்டைப் பற்றி அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 1990இல் வெளியான ஒரு நோயாளியின் கதை. 87 வயது முதியவர், நாள்தோறும் நிறையப் பூண்டு சாப்பிட்டுவந்தவர். அடிபடாமலேயே முதுகெலும்புக் குழாய்க்குள் ரத்தம் கட்டி, தண்டுவடத்தை நெருக்கி, கால்கள் செயலிழந்தன. 1995இல் பூண்டு மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்குப் பிராஸ்டேட் அறுவையில் ரத்தப்போக்கு கூடியதாக மற்றொரு குறிப்பு வந்தது. இவை தனிநபர் நிகழ்வுகள். பூண்டு சாப்பிட்டார், ரத்தம் கசிந்தது என்பது உண்மை. பூண்டால்தான் கசிந்தது என்று அதை வைத்து உறுதி சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களுக்கு உணவளவில் பச்சைப் பூண்டு கொடுத்து அவர்களின் தட்டணுக்களைச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. செறிவூட்டிய மாத்திரைகளையும் நாட்பட்ட உபயோகத்தையும் அந்த முடிவை வைத்து விடுவிக்க முடியாது என்பதால்தான் எச்சரிக்கை தொடர்கிறது.

ஜிங்கோவின் கதை இன்னும் தெளிவாகப் பேசக்கூடியது. 1997இல் ஒரு 70 வயதுக்காரரைப் பற்றி எழுதினார்கள். நாள்தோறும் ஆஸ்பிரின் சாப்பிட்டுவந்த அவருக்கு, ஜிங்கோ தொடங்கி ஒரு வாரத்தில் கண்ணின் முன்னறையில் தானாக ரத்தம் கசிந்தது. ஜிங்கோவை நிறுத்தினார், ஆஸ்பிரினைத் தொடர்ந்தார், மறுபடி வரவில்லை. இதைப் படித்தால் அச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பிறகு நடந்த பெரிய ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரில் பாதிப்பேருக்கு நாளுக்கு 240 மில்லிகிராம் ஜிங்கோவும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் ஆறாண்டு அளவுக்குக் கொடுத்தார்கள். 2008இல் வந்த முடிவில் இரு பிரிவுக்கும் பெரிய ரத்தக் கசிவுகளில் கருதத்தக்க வேறுபாடு இல்லை. மறதி நோயையும் ஜிங்கோ தடுக்கவில்லை. உங்கள் அண்ணன் எதை எண்ணி அதை வாங்கிவந்தார் என்று எனக்குத் தெரியாது. நினைவாற்றலுக்காக என்றால், அம்மா அதை நிறுத்துவதால் இழக்கப்போவது எதுவும் இல்லை.

அப்படியானால் ஏன் நிறுத்தச் சொல்ல வேண்டும்? உங்கள் அம்மாவுக்கு எதிர்பார்க்கக்கூடிய தீங்கு பூண்டால் தனியாகவோ ஜிங்கோவால் தனியாகவோ வருவது அன்று. ஆஸ்பிரின் ஏற்கெனவே தட்டணுக்களை மடக்கி வைத்திருக்கிறது. அதன்மேல் பூண்டு மாத்திரை, அதன்மேல் ஜிங்கோ, கூடவே மஞ்சள் மாத்திரையோ மீன் எண்ணெயோ இருந்தால் அதுவும். ஒவ்வொன்றும் சிறிய தள்ளுதல்தான். எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு என்று யாரும் அளந்து சொன்னதில்லை. நிறுத்தினால் இழப்பு ஒன்றுமில்லை. தொடர்ந்தால் அளவிட முடியாத ஒரு சிறு ஆபத்து. இந்தக் கணக்கில்தான் நாங்கள் நிறுத்தச் சொல்கிறோம். பயமுறுத்துவதற்கு அல்ல.

ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பலர் நம்பி ஏமாறுகிறார்கள், அதனால் சற்று நின்று சொல்கிறேன். அறுவைக்கு முன் வழக்கமாகத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். ஐஎன்ஆர் என்ற பரிசோதனை செய்வார்கள். விரலிலோ காது மடலிலோ குத்தி ரத்தம் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, உறைகிறது என்று பார்க்கும் பிடி, சிடி என்ற பழைய சோதனையும் நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. எண்ணிக்கை, தட்டணுக்கள் எத்தனை என்று சொல்லுமே தவிர அவை ஒட்டுமா என்று சொல்லாது. ஐஎன்ஆர் உறைவுப் புரதங்களைப் பற்றியது, தட்டணுக்களைப் பற்றியதே அன்று. பிடி சோதனை அறுவையில் எவ்வளவு ரத்தம் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்லுவதில் மோசமானது என்று நீண்ட காலமாகவே தெரியும். ஆகவே பரிசோதனைத் தாள் நன்றாக இருப்பதை வைத்து, மாத்திரைகள் ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு கட்ட முடியாது. தட்டணுக்கள் ஒட்டுவதைச் சோதிக்கும் சிறப்புக் கருவிகள் உண்டு. மூட்டு மாற்றுக்கு வரும் எல்லோருக்கும் அதைச் செய்வது வழக்கமில்லை, தேவையும் இல்லை. என்னென்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் வாயால் சொல்லும் பட்டியல்தான் இங்கே சிறந்த பரிசோதனை.

முழங்கால் மாற்றில் ரத்தம் எப்படிப் போகும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் தொடையில் காற்றுப் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் அறுக்கிறார்கள். அதனால் அறுக்கும்போது ரத்தமே தெரியாது. பட்டையைத் தளர்த்திய பிறகு, எலும்பு வெட்டிய பரப்பிலிருந்தும் சுற்றியுள்ள தசையிலிருந்தும் அன்றிரவு முழுக்கக் கசியும். கட்டு நனைந்துகொண்டே வருவது, மூட்டு இறுகி வீங்குவது, மறுநாள் ஹீமோகுளோபின் எதிர்பார்த்ததைவிடக் குறைவது, இவைதான் அடையாளங்கள். மூட்டுக்குள் ரத்தம் தேங்கினால் மடக்கிப் பயிற்சி செய்ய வலிக்கும், கிருமி தொற்றவும் வாய்ப்பு கூடும். இப்போது டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுத்து இந்தக் கசிவைக் கணிசமாகக் குறைக்கிறோம். ஆகவே பூண்டு மாத்திரை சாப்பிட்டவர் அறுவைக்கு வந்துவிட்டார் என்றதும் ரத்தம் ஆறாக ஓடும் என்று கற்பனை செய்ய வேண்டாம்.

மயக்க மருத்துவரின் கவலை வேறொரு இடத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் மூட்டு மாற்றுகள் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுச் செய்யப்படுகின்றன. ஊசி தண்டுவடத்தைச் சூழ்ந்த இடத்துக்குள் போகும் வழியில் சின்னச் சின்ன ரத்தநாளங்கள் உண்டு. அவற்றில் ஒன்று கசிந்து, எலும்புக் குழாய்க்குள் ரத்தம் கட்டினால், விரிவதற்கு இடமில்லாமல் நரம்புகளை நெருக்கும். மிக மிக அரிது. ஆனால் நேர்ந்தால் கால்கள் செயலிழந்துவிடும். 1990இன் அந்த முதியவருக்கு ஊசி இல்லாமலே நடந்தது இதுதான் என்பதால்தான் அந்தக் கட்டுரை எங்கள் மனத்தில் பதிந்தது. எனினும் உறுதியானதைச் சொல்ல வேண்டும். உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கவைக்கும் முறைகளுக்கான அமெரிக்க மயக்க மருத்துவச் சங்கம் தன் 2018 வழிகாட்டுதலில், மூலிகைகள் மட்டும் சாப்பிட்டவருக்கு முதுகு ஊசியை மறுக்கும் அளவுக்கு ஆபத்து இல்லை என்றும், அதற்காகக் கட்டாயம் நிறுத்த வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறது. ரத்தம் இளக்கும் வேறு மருந்துகளோடு சேரும்போதுதான் எச்சரிக்கை. ஆஸ்பிரின் மட்டும் இருப்பவருக்கும் முதுகு ஊசி போடலாம் என்பதே நடைமுறை.

ஜின்செங்கைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதில் ரத்தக் கசிவைவிடச் சர்க்கரைதான் என் முதல் கவலை. ஜின்செங் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பது, சர்க்கரை நோயாளிகளிடமும் இல்லாதவர்களிடமும் நடந்த சிறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உங்கள் அம்மா முந்தின இரவிலிருந்து பட்டினி கிடப்பார். சர்க்கரை இறங்கினால் வழக்கமாக வியர்க்கும், படபடக்கும், பேச்சு குழறும். மயக்கத்திலோ, தூக்க மருந்து கொடுத்த நிலையிலோ இந்த அடையாளங்கள் மறைந்துபோகும். நாங்கள் கருவியில் அடிக்கடி பார்ப்போம், என்றாலும் காரணம் தெரிந்திருப்பது நல்லது. அதே ஜின்செங், வார்ஃபரின் என்ற ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். 2004இல் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சோதனையில் அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் பலனைக் குறைத்தது. இதய வால்வு மாற்றியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இது மிக முக்கியம். ஆகவே "ரத்தத்தை இளக்கும் மூலிகை" என்று ஒரே சொல்லில் ஜின்செங்கைச் சுருக்குவது சரியில்லை.

பெட்டியை எடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெயரில் "ஜின்செங்" என்று பெரிதாகப் போட்டு, உள்ளே வைட்டமின்களோடு அது சிறிதளவு மட்டும் இருக்கும் கேப்சூல்கள் வளைகுடாவிலிருந்து நிறைய வருகின்றன. மற்றொரு குழப்பமும் உண்டு. அமுக்கராவை "இந்திய ஜின்செங்" என்று விற்கிறார்கள். அமுக்கரா தக்காளி, கத்தரிக் குடும்பத்துச் செடி. ஜின்செங் வேறு குடும்பம், வேறு செடி. நாட்டு மருந்துக் கடை அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து இரவில் குடிப்பது நம் வீடுகளில் சகஜம். அதன் விளைவு வேறு திசையில் போகிறது. உறக்கத்தைக் கூட்டும், அறுவைக்கு முன் நாங்கள் கொடுக்கும் தூக்க மருந்தோடு சேர்ந்து அளவுக்கு மீறி மயங்கவைக்கக்கூடும். மனிதர்களிடம் இதற்கான சான்று சிறிது என்பதையும் மறைக்கவில்லை. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

இனி சமையலறை. முழுப் பூண்டை எண்ணெயிலோ குழம்பிலோ போட்டு வேகவைத்தால், அல்லிசினை உருவாக்கும் நொதி சூட்டில் அழிந்துவிடும். ரசத்தில் தட்டிப்போட்ட நான்கு பல், மீன் குழம்பு, பூண்டு போட்ட உளுந்தங்கஞ்சி, எதையும் நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியவை மூன்று வகை. முதலாவது, காலையில் வெறும் வயிற்றில் தேனோடு சாப்பிடும் பச்சைப் பூண்டு. நசுக்கியோ மென்றோ பச்சையாக விழுங்கும்போது அல்லிசின் முழுதாகக் கிடைக்கிறது. இரண்டாவது, பூண்டு கேப்சூல்கள். மூன்றாவது, கரண்டி கரண்டியாக உண்ணும் பூண்டு லேகியம். அதில் வெந்த பூண்டுதான் இருக்கிறது என்றாலும் கிண்டும் முறையும் அளவும் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வாரம் விட்டால் போகிறது. வைத்தியரிடம் வாங்கும் கஷாயத்திலோ அரிஷ்டத்திலோ என்ன சேர்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்றால், அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். இங்குள்ள வர்ம ஆசான்களும் வைத்தியர்களும் கேட்டால் பொதுவாகத் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். கர்க்கடக மாதமாக இருந்து மருந்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும் மருந்து அரைத்துப் பற்றுப்போடுவதும் உள்ளே போய் ரத்தம் கசியவைக்கும் என்பதற்கு நான் அஞ்சவில்லை. ஆனால் பற்றுப் போட்ட இடத்தில் தோல் சிவந்தோ கொப்பளித்தோ இருந்தால், அறுவை மருத்துவர் அந்தத் தோலை வெட்ட மாட்டார். தோல் ஆறும்வரை தேதி தள்ளும். இந்த 9 நாளும் முழங்காலை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

நாள்வாரியாக நான் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன். இன்றைக்கு அம்மாவின் மாத்திரைகளையெல்லாம், தலையணைக்கடியிலும் பூஜை அலமாரியிலும் இருப்பவை உட்பட, ஒரு பையில் போட்டு மேசையில் பரப்புங்கள். பெயர், அளவு, எப்போதிலிருந்து, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாளையோ நாளைமறுநாளோ அந்தத் தாளோடு போய், மூலிகைகளைத் தாண்டி இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆஸ்பிரினைத் தொடர்வதா, நிறுத்துவதா? சர்க்கரை மாத்திரைகளில் எது அறுவைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்தப்பட வேண்டும், எது அன்று காலை மட்டும் விடப்பட வேண்டும்? சில சர்க்கரை மாத்திரைகளைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், சிலவற்றை நிறுத்தக் கூடாது. ஜின்செங்கை விட்ட பிறகு சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். காலைச் சர்க்கரையை வீட்டுக் கருவியில் பார்த்துக் குறித்துவையுங்கள், மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

ஆஸ்பிரினைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? "மூலிகையை நிறுத்துங்கள்" என்ற சொல்லைக் கேட்டவர்கள் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையோ, அதைப் போலத் தட்டணுக்களை மடக்கும் குளோபிடோகிரலையோ தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். பூண்டால் வரும் கசிவு ஊகம், இது நன்கு அறிந்த ஆபத்து. உங்கள் அம்மாவுக்கு ஆஸ்பிரின் ஏன் கொடுக்கப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. முன்பு மாரடைப்போ, பக்கவாதமோ, ஸ்டென்டோ இருந்ததென்றால் பெரும்பாலும் தொடரவே சொல்வார்கள். ஒன்றும் இல்லாமல் "சும்மா பாதுகாப்புக்கு" என்று கொடுத்திருந்தால் ஒரு வாரம் முன்பு நிறுத்தச் சொல்லலாம். இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது இது.

அறுவைக்கு முந்தின இரவும் அன்று காலையும் மறக்காமல் ஒன்றைப் பாருங்கள். பட்டினி என்றால் கட்டி உணவுக்குக் குறைந்தது 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது பொது விதி. எண்ணெய்ப் பண்டத்துக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். கஷாயம் தெளிந்த நீர் அன்று. "சாப்பாடு எதுவும் இல்லை, மருந்துதான்" என்று விடியற்காலையில் கஷாயம் குடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது வயிற்றில் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு, அதனால் அறுவை தள்ளிப்போகும். அறுவை அறையில் நிற்கும் மயக்க மருத்துவர், முன்பு ஃபிட்னஸ் பார்த்தவராக இல்லாமலும் இருக்கலாம். அந்தத் தாளை அம்மாவின் கோப்பின் முகப்பிலேயே செருகி, வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை நடுவில் மறந்து ஒரு கேப்சூல் சாப்பிட்டுவிட்டாலோ, அவசரமாக முன்கூட்டியே அறுவை செய்ய வேண்டி வந்தாலோ, மறைக்காதீர்கள். மறைத்தால்தான் சிக்கல். ஒரு பூண்டு மாத்திரைக்காக யாரும் அறுவையை ரத்து செய்யப்போவதில்லை. தெரிந்தால் கசிவை நாங்கள் முன்கூட்டிக் கவனித்துக்கொள்வோம், ஊசியை எந்த முறையில் போடுவது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வோம். கால் முறிவு போன்ற உண்மையான அவசரத்தில், மூலிகைக்காக நாள் எண்ணிக்கொண்டு காத்திருப்பதே ஆபத்து.

அறுவை முடிந்தபின் கவனிக்க வேண்டியது கால்தான். முதுகு ஊசியின் மரமரப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் விட்டுவிடும். 6 மணி நேரம் கடந்தும் கால் அசையவில்லை என்றாலோ, அசைந்த கால் மறுபடி மரத்தாலோ, முதுகில் புதிதாகக் கடும் வலி வந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, "ஊசியின் விளைவுதான், விட்டுவிடும்" என்று பொறுத்திருக்காதீர்கள். அப்போதே செவிலியரை அழைத்து, மயக்க மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுத்து, ரத்தக் கட்டி இருந்தால் 8 மணி நேரத்துக்குள் அகற்றியவர்களுக்கே காலின் அசைவு திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள்.

மாத்திரைகளை மறுபடி எப்போது தொடங்கலாம்? மூட்டு மாற்றுக்குப் பிறகு காலில் ரத்தக் கட்டி வராமல் தடுக்க, ரத்தம் இளக்கும் ஊசியோ மாத்திரையோ குறைந்தது 10 நாள், சிலருக்கு 35 நாள் வரை கொடுப்பார்கள். பூண்டு கேப்சூலும் ஜிங்கோவும் அந்த மருந்தோடு சேரவே கூடாது. அந்த மருந்து முடிந்து, தையல் ஆறி, அறுவை மருத்துவர் சரி என்று சொன்னபிறகே தொடங்குங்கள். ஜின்செங்கை, அம்மாவின் சர்க்கரைக் கணக்கு பழைய நிலைக்கு வந்தபின், சர்க்கரை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ரசப் பூண்டு மட்டும் அறுவைக்குப் பின் வாய்க்கு உணவு பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே போடலாம்.